வலப்பக்க அடிவயிற்றில் திடீர் வலி, கட்டி உடைந்து உள்ளே ரத்தம்: ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தது சரியா?

வெண்பா29 (புதன், காலை 10.15)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது, ஊர் கோவை, திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை மாலை பேட்மிண்டன் ஆடிவிட்டு வந்தேன். இரவு பத்தரை மணிக்கு வலப்பக்க அடிவயிற்றில் கத்தியால் குத்தியது போல ஒரு வலி. மெதுவாகத் தொடங்கிக் கூடவில்லை, ஒரே நொடியில் வந்துவிட்டது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்தேன். அரை மணி நேரம் கழித்து பாத்ரூம் போக எழுந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. படுத்தால் வலது தோள்பட்டையிலும் வலித்தது. வலி வயிற்றில் இருக்கத் தோள் ஏன் வலிக்கிறது என்றுதான் பயந்தே போனேன்.

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "சினைப்பையில் கட்டி வெடித்திருக்கிறது, வயிற்றுக்குள் ரத்தம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சினைப்பையை எடுக்க வேண்டியும் வரலாம்" என்றார்கள். கணவர் பயந்துபோய் என்னைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த டாக்டரோ, "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். இரவு 2 மணிக்கு ஹீமோகுளோபின் 11.6, காலை 6 மணிக்கு 10.3, மதியம் 9.7, மாலை 9.6. திங்கள் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அம்மாவும் மாமியாரும் "ரத்தத்தை உள்ளேயே விட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார்களே, சீழ் பிடிக்காதா?" என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதல் மருத்துவமனை சொன்னது சரியா, இரண்டாவது சரியா?

கீர்த்திஅம்மா (புதன், காலை 11.02)

கண்ணு, பயப்படாதே. இது நீர்க்கட்டிதான். எனக்கும் எட்டு வருடமாக இருக்கிறது, இரண்டு பக்கமும். சர்க்கரை, மைதா இரண்டையும் நிறுத்திவிட்டு எடையைக் குறைத்தால் கட்டி கரைந்துவிடும். டாக்டரிடம் கேட்டு ஹார்மோன் மாத்திரை வாங்கிக்கொள், அது இருக்கிற கட்டியைச் சுருக்கிவிடும். ஆனால் ஒன்று, இனிமேல் குதிக்கிற, ஓடுகிற விளையாட்டு எல்லாம் வேண்டாம். ஒருமுறை வெடித்தது திரும்பவும் வெடிக்கும். என் சித்தி பெண்ணுக்கு வெடித்து ஆபரேஷன்தான் செய்தார்கள்.

மதுரை மகப்பேறு (புதன், மதியம் 2.40)

வெண்பா, நான் மகப்பேறு மருத்துவர், இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் சில விஷயங்கள் தெரிய வேண்டும். வலி வந்த அன்று மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நாள்? கர்ப்பப் பரிசோதனை செய்தார்களா, எந்த மருத்துவமனையில்? நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எவ்வளவு இருந்தன? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டியைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளைப் பார்த்து அப்படியே சொல்லுங்கள்.

வெண்பா29 (புதன், மாலை 4.10)

22ஆம் நாள் டாக்டர். எனக்கு 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வரும். கர்ப்பப் பரிசோதனையை முதல் இடத்தில் செய்யவே இல்லை. இரண்டாவது இடத்தில் உள்ளே நுழைந்ததும் சிறுநீரிலும் பிறகு ரத்தத்திலும் செய்தார்கள், இரண்டுமே இல்லை என்றுதான் வந்தது. நாடி முதலில் 108, விடியற்காலை 92, ஞாயிறு மாலை 84. ரத்த அழுத்தம் முழு நேரமும் 110/70 பக்கத்திலேயே இருந்தது. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

ரிப்போர்ட்டில் வலது சினைப்பையில் 4.2 செ.மீ. கட்டி, உள்ளே வலை போன்ற கோடுகள், சுவர் ஒரு பக்கம் ஒழுங்காக இல்லை, ரத்த ஓட்டம் இருக்கிறது, இடுப்புக் குழியில் நடுத்தர அளவில் ரத்தம் போன்ற திரவம், கல்லீரலைச் சுற்றி லேசாக என்று இருக்கிறது. ஞாயிறு காலை எடுத்த ஸ்கேனில் திரவத்தின் அளவு கூடவில்லை என்று போட்டிருக்கிறார்கள்.

மதுரை மகப்பேறு (புதன், இரவு 9.25)

நல்லது, இதை வைத்துப் பேசலாம்.

முதலில் உடைந்தது எது என்று பார்ப்போம். மாதாமாதம் சினைப்பையில் ஒரு சிறு கூட்டுக்குள் முட்டை வளர்ந்து, ஏறக்குறைய 14ஆம் நாளில் வெளியே வருகிறது. முட்டை போனபின் அந்தக் கூடு வேறு வேலைக்கு மாறுகிறது. சுவர் தடித்து, மஞ்சளாகி, ஒருவேளை கரு தங்கினால் அதைத் தாங்கத் தேவையான புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. இதைத்தான் கார்பஸ் லூட்டியம் என்கிறோம். சில நாட்களுக்குள் அவ்வளவு ஹார்மோனையும் சுரந்து ரத்தத்தில் கலக்க வேண்டியிருப்பதால், புதுப்புது ரத்தக்குழாய்கள் அதற்குள் வேகமாக வளர்கின்றன. அவை மெல்லியவை. உள்ளே கொஞ்சம் கசிந்தால் கூடு ரத்தம் நிரம்பி 3, 4 செ.மீ. வரை வீங்கிவிடும். ரிப்போர்ட்டில் வலை போன்ற கோடுகள் என்று இருக்கிறதே, அது உறைந்த ரத்தத்தின் நார்கள். இப்படி வீங்கியிருக்கிற நேரத்தில் வயிற்றுக்குள் அழுத்தம் கூடினாலோ ஒரு குலுங்கல் பட்டாலோ சுவர் கிழிந்துவிடும். அதனால்தான் இந்த வலி பெரும்பாலும் மாதத்தின் 20ஆம் நாளிலிருந்து அடுத்த மாதவிடாய்க்குள் வருகிறது. உங்களுக்கு 22ஆம் நாள். வலப்பக்கம் அதிகம் வருவதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்: இடப்பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவு மெத்தை மாதிரி நின்று சினைப்பையைக் காக்கிறது.

அடுத்து தோள்வலி. கசிந்த ரத்தம் நீங்கள் படுத்ததும் மேலே ஏறி உதரவிதானத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது. தோளுக்கு வரும் உணர்வு நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. எனவே மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. ரத்தம் இடுப்புக் குழியோடு நிற்கவில்லை என்பதற்கு இது அடையாளம். அதனால்தான் உங்களை இரவு முழுக்க அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, ஏன் ஆபரேஷன் செய்யவில்லை? உடைந்த கூட்டின் ரத்தக்குழாய்கள் சின்னவை. பெரும்பாலும் ரத்தம் தானாக உறைந்து கசிவு நின்றுவிடும். டாக்டர் கண்டுபிடிக்க வேண்டியது கசிவு நின்றுவிட்டதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும்தான். உள்ளே எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. நாடி 108லிருந்து 84க்கு இறங்கியது. அழுத்தம் விழவே இல்லை. ஹீமோகுளோபின் முதலில் வேகமாக இறங்கி, 9.7க்கும் 9.6க்கும் இடையில் நின்றது. ஸ்கேனில் திரவம் கூடவில்லை. நான்கும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அன்று நான் பணியில் இருந்திருந்தாலும் காத்திருக்கத்தான் சொல்லியிருப்பேன்.

இதற்கு மாறாக, ட்ரிப்ஸ் போட்டும் நாடி ஏறிக்கொண்டே போனாலோ, மதியம் 9.7 என்பது மாலையில் 8.2 ஆகியிருந்தாலோ, வயிறு உப்பிக் கல் போல ஆகியிருந்தாலோ லேப்ராஸ்கோப்பிதான். அப்போதும் சின்னத் துளைகள் போட்டு, ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, கசியும் இடத்தைச் சுட்டு அடைப்போம், அல்லது கூட்டை மட்டும் உரித்து எடுத்துவிட்டுத் தையல் போடுவோம். இந்தக் காரணத்துக்காக முழுச் சினைப்பையையும் எடுக்க வேண்டி வருவது மிக அரிது.

அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்லுங்கள்: வயிற்றுக்குள் இருக்கும் அந்த ரத்தத்தில் கிருமி கிடையாது. வயிற்றின் உள்சவ்வு இரண்டு மூன்று வாரங்களில் அதை உறிஞ்சிவிடும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ கிளம்பி வாருங்கள்.

ராம்_திருச்சி (வியாழன், காலை 7.30)

எனக்கும் ஜிம்மில் வெயிட் தூக்கிய பிறகு இதே வலப்பக்க அடிவயிறு இழுக்கிறது. இருமினால் அதிகமாகிறது. இதுவும் கட்டியாக இருக்குமா? ஸ்கேன் எடுக்கலாமா?

இரவுப்பணி நர்ஸ் (வியாழன், காலை 8.05)

தம்பி, இங்கே பேசுவது பெண்களின் சினைப்பையைப் பற்றி. இருமும்போது இழுக்கிறது என்றால் குடலிறக்கமா என்று ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டு, அதுவரை எடை தூக்காதே. தனியாக ஒரு இழை போடு, அங்கே பேசலாம்.

வெண்பா, நான் அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக இரவுப் பணி பார்க்கிறேன். டாக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இளம் வயதுப் பெண்களின் உடம்பு ரத்த இழப்பை நன்றாக மறைக்கும். நிறைய ரத்தம் போன பிறகும் ரத்த அழுத்தம் 110 காட்டும், அப்புறம் ஒரேயடியாக விழும். அதற்கு முன்பே நாடி ஏறியிருக்கும், உள்ளங்கை ஜில்லென்று வேர்த்திருக்கும், உட்கார வைத்தால் தலை சுற்றும். நான் அழுத்தத்தைவிட நாடியைத்தான் அதிகம் பார்ப்பேன்.

முதல் ஹீமோகுளோபினும் அப்படித்தான். ரத்தம் போன உடனே எடுத்தால் அளவு நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் மீதி ரத்தம் இன்னும் நீர்த்துப்போகவில்லை. சில மணி நேரத்தில் திசுக்களிலிருந்து நீர் ரத்தத்துக்குள் வரும், நாமும் ட்ரிப்ஸ் ஏற்றுவோம், அப்போதுதான் உண்மையான எண் தெரியும். உங்களுடைய 11.6ஐப் பார்த்து யாராவது "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லியிருந்தால் அது தப்பாகிப் போயிருக்கும். இரண்டாவது, மூன்றாவது எண்கள்தான் பேசும்.

இன்னொரு விஷயம். வலி மருந்து போட்டால் வலி மறைந்து டாக்டருக்கு நோய் தெரியாமல் போய்விடும் என்று வீட்டில் வேண்டாம் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை, வலியோடு துடிக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், ரத்தம் உறைவதை அது கெடுக்கும். பாராசிட்டமால் போதும். மயக்கம் வந்தால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

ஓட்டக்காரி (வியாழன், மதியம் 1.15)

எனக்கு 22 வயது, விடுதியில் இருக்கிறேன், கல்லூரிக்காக ஓடுகிறேன். மாதாமாதம் ஏறக்குறைய 14ஆம் நாள் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும், பயிற்சி முடிந்த பிறகு அதிகமாகத் தெரியும். இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும். அப்படியென்றால் எனக்கு மாதாமாதம் கட்டி உடைகிறதா?

அப்புறம் ஒரு கோபம். ஒருமுறை வலி அதிகமாகி விடுதி அக்காவோடு டாக்டரிடம் போனேன். பெயரைக் கேட்பதற்கு முன்பே சிறுநீர் டப்பாவைக் கையில் கொடுத்து "கர்ப்பமா பார்க்கணும்" என்றார்கள், அக்கா முன்னாலேயே. அன்றிலிருந்து டாக்டரிடம் போகவே பிடிக்கவில்லை.

மதுரை மகப்பேறு (வியாழன், இரவு 10.10)

மா, உன் வலி வேறு. முட்டை வெளியேறும் நாளில் கூட்டின் வாய் திறந்து ஒரு சொட்டு திரவமோ ரத்தமோ சிந்தும், அது சவ்வில் பட்டால் சுருக்கென்கும். நிறைய பெண்களுக்கு உண்டு. வழக்கமான நாளில் வந்து சில மணி நேரத்தில் போகிறது, தலை சுற்றல் இல்லை என்றால் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் மூன்றாவது வாரத்தில் வந்தாலோ, நிமிர்ந்து நிற்க முடியாத அளவு போனாலோ அது வேறு கதை, அன்று கிளம்பி வா.

உன் கோபம் நியாயம். மற்றவர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பரிசோதனையை நாங்கள் எல்லோருக்கும் செய்வோம், மணமானவர், ஆகாதவர், கருத்தடை செய்துகொண்டவர் யாராக இருந்தாலும். கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்தாலும் இதே வலி, இதே தோள்வலி, ஸ்கேனில் இதே ரத்தம்தான். இரண்டையும் சட்டென்று பிரித்துக் காட்டுவது அந்த ஒரு பரிசோதனை. குழாய் வெடித்த கருவில் ராத்திரி முழுக்கக் காத்திருந்து பார்க்க முடியாது. அதனால்தான் வெண்பாவின் முதல் மருத்துவமனையில் கர்ப்பப் பரிசோதனை செய்யாமலேயே ஆபரேஷனைப் பற்றிப் பேசியது எனக்கு உறுத்துகிறது.

கீர்த்திஅம்மா (வெள்ளி, காலை 9.40)

டாக்டர் அம்மா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் என் ரிப்போர்ட்டிலும் சினைப்பையில் கட்டிகள் என்றுதானே இருக்கிறது? இரண்டும் கட்டிதானே? எனக்கு வெடிக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஸ்கேன் அறை (வெள்ளி, காலை 11.20)

அக்கா, நான் தினமும் ஸ்கேன் பார்க்கிறவன், நானே பதில் சொல்கிறேன். தமிழில் இரண்டுக்கும் நீர்க்கட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் பிசிஓடியில் இருப்பவை முட்டை முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்னக் கூடுகள். ஒவ்வொன்றும் 1 செ.மீ.க்கும் கீழே, சினைப்பையின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். அவை வெடித்து ரத்தம் கொட்டுவதில்லை. வெண்பாவுக்கு நடந்தது முட்டை ஒழுங்காக வெளியேறியதால் வந்தது. ஒருவகையில் பார்த்தால் நேர் எதிர்.

மாத்திரையைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. ஹார்மோன் மாத்திரை இருக்கிற கட்டியைச் சுருக்குவதில்லை, அது மாத்திரை இல்லாமலும் தானாகத்தான் கரையும். ஆனால் முட்டை வெளியேறுவதையே நிறுத்துவதால் புதிதாக இந்த மாதிரிக் கட்டி வருவதை மாத்திரை குறைக்கும்.

உடைந்ததெல்லாம் ஒரே வகை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியும் கொழுப்பும் நிறைந்த டெர்மாய்டு கட்டி உடைந்தால் அந்தக் கொழுப்பு உள்சவ்வைக் கடுமையாக எரிச்சலூட்டும். அதைக் காத்திருந்து பார்ப்பதில்லை, ஆபரேஷன் செய்து வயிற்றை நன்றாகக் கழுவ வேண்டும். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் வரும் சாக்லேட் கட்டியும் உடைந்தால் தொந்தரவு அதிகம். அதனால்தான் 6லிருந்து 8 வாரம் கழித்துத் திரும்ப ஸ்கேனுக்கு வரச் சொல்கிறோம். கார்பஸ் லூட்டியமாக இருந்தால் அதற்குள் காணாமல் போயிருக்கும். அப்படியே நின்றால் நாம் நினைத்தது தப்பு, வேறு ஏதோ ஒரு கட்டி என்று அர்த்தம். வலி போய்விட்டது என்று பலர் இந்த ஸ்கேனுக்கு வருவதே இல்லை.

வெண்பா29 (வெள்ளி, இரவு 11.30)

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். வலி வந்தது பேட்மிண்டன் ஆடும்போது இல்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கணவரோடு சேர்ந்திருந்தபோது வந்தது. மருத்துவமனையில் மாமியார் பக்கத்தில் நின்றதால் "விளையாடினேன்" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து என் கணவர் தன்னால்தான் இப்படி ஆனது என்று என் கையைத் தொடக்கூடப் பயப்படுகிறார். நான் உண்மையைச் சொல்லாததால் சிகிச்சையில் ஏதாவது மாறியிருக்குமா?

மதுரை மகப்பேறு (சனி, காலை 6.50)

எழுதியது நல்லது வெண்பா. உங்கள் விஷயத்தில் சிகிச்சை மாறியிருக்காது. இந்தக் கூடு உடைந்து வருகிறவர்களிடம் கேட்டால் நிறையப் பேர் உறவின்போது அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் என்பார்கள், சிலர் விளையாட்டு, சிலர் கனமான குடத்தைத் தூக்கினேன் என்பார்கள், தூக்கத்தில் உடைந்தவர்களும் உண்டு. கூடு ஏற்கெனவே ரத்தம் நிரம்பி இழுபட்டு நின்றது. மறுநாள் தும்மியபோதுகூட உடைந்திருக்கலாம். உங்கள் கணவர் செய்த தவறு ஒன்றும் இல்லை, இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆனாலும் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உறவுக்குப் பிறகு வலியோடு வெளியேயும் ரத்தப்போக்கு இருந்தால், பிறப்புறுப்பின் உள்சுவரில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஸ்கேன் காட்டாது. மாமியார் நிற்கிறார் என்றால் "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். நாங்களே வெளியே அனுப்பிவிடுவோம்.

வால்வுக்காரி (சனி, மாலை 5.20)

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 33 வயது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, 24 வயதில் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். இதே கட்டி எனக்கு இரண்டு முறை உடைந்தது. முதல் முறை ஹீமோகுளோபின் 5.8க்கு இறங்கியது, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 6க்கு மேலே. ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். அவசரமாக வயிற்றைத் திறந்து, கசியும் இடத்தில் தையல் போட்டார்கள். ஆறு மாதத்தில் திரும்பவும் வந்தது. அந்த முறை சீக்கிரம் போனதால் ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தேன். வார்ஃபரினை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டும், நிறுத்தாவிட்டால் வயிற்றில் கொட்டும். இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் என் படுக்கை அருகில் நின்று நீண்ட நேரம் பேசினார்கள்.

அதன்பின் முட்டை வெளியேறாமல் தடுக்க ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வருடமாக ஒன்றும் இல்லை. வால்வு மாற்றிய நாளிலேயே இதை யாராவது சொல்லியிருந்தால் முதல் முறையே நடந்திருக்காது. வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடும் பெண்கள் இங்கே இருந்தால் உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

மதுரை மகப்பேறு (சனி, இரவு 8.45)

இது எல்லோரும் படிக்க வேண்டிய பதிவு. மற்றவர்களுக்குத் தானாக நிற்கும் கசிவு இவர்களுக்கு நிற்காது. அதனால் வெண்பாவுக்குச் சொன்னது எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது, வலி வந்தவுடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை என்று தேர்ந்தது சரிதான், உலோக வால்வு இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போதுமா என்று கேட்பார்கள். அது மாதவிடாய் ரத்தத்தைக் குறைக்கும், ஆனால் முட்டை வெளியேறுவதை நம்பும்படி நிறுத்தாது, எனவே இந்தக் காரியத்துக்கு உதவாது.

தங்கையின் அக்கா (ஞாயிறு, காலை 10.00)

எல்லோரும் காத்திருந்தது சரி என்று சொல்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. என் தங்கைக்கு 19 வயதில் இதே மாதிரி திடீர் வலி. கட்டி உடைந்திருக்கும், தானாகச் சரியாகும் என்று ஒன்றரை நாள் படுக்க வைத்தார்கள். உண்மையில் கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது கறுத்துப் போயிருந்தது, எடுத்துவிட்டார்கள். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்றுதான் அன்றும் சொன்னார்கள். ஆகவே முதல் மருத்துவமனை ஆபரேஷன் என்று சொன்னதை அவ்வளவு சுலபமாகத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள்.

மதுரை மகப்பேறு (ஞாயிறு, மதியம் 12.30)

உங்கள் தங்கைக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. முறுக்கிய சினைப்பையில் டாப்ளர் ரத்த ஓட்டம் காட்டுவது உண்டு, அதை மட்டும் நம்பக் கூடாது. வித்தியாசம் பெரும்பாலும் வலியின் போக்கில் தெரியும். உடைந்த கூட்டின் வலி முதல் நொடியில் உச்சம், பிறகு மணிக்கு மணி இறங்கும். முறுக்கின் வலி விட்டுவிட்டு வரும், வாந்தி கூடவே வரும், நேரம் போகப் போகக் குறையாது. ஸ்கேனில் சினைப்பையே வீங்கிப் பெரிதாகி, இடம் மாறி நிற்கும், வயிற்றில் ரத்தம் அதிகம் இருக்காது.

ஆனால் இந்த அடையாளங்கள் எல்லோரிடமும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் வலி இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் நான் லேப்ராஸ்கோப்பியில் பார்த்துவிடவே விரும்புவேன். தேவையில்லாமல் பார்த்துவிட்டோம் என்று ஆனாலும் பரவாயில்லை, ஒரு சினைப்பையை இழப்பதைவிட அது மேல். என்னோடு வேலை செய்யும் சிலர் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பார்கள். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை.

வெண்பா29 (ஏழு வாரம் கழித்து, திங்கள், மாலை 6.15)

மறந்துபோகாமல் திரும்ப எழுத வந்தேன். வலி வந்த ஆறாம் நாள் மாதவிடாய் வந்துவிட்டது, கொஞ்சம் கட்டி கட்டியாக இருந்தது. வயிறு இரண்டு வாரம் கனமாகவே இருந்தது, வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினால் உள்ளே ஏதோ ஆடுவது போல. மூன்றாவது வாரத்தில் அதுவும் போய்விட்டது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், ஹீமோகுளோபின் இப்போது 11.4. நேற்று ஸ்கேன் எடுத்தேன். வலது சினைப்பை சாதாரண அளவு, கட்டி இல்லை, திரவம் இல்லை.

பேட்மிண்டன் எப்போது ஆடலாம் என்பதில் மட்டும் ஆளுக்கொரு பதில். என்னைப் பார்த்த டாக்டர் இரண்டு வாரம் போதும் என்றார், ஸ்கேன் எடுத்தவர் அடுத்த ஸ்கேன் வரை வேண்டாம் என்றார். நான் நாலாவது வாரத்தில் ராக்கெட்டைக் கையில் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 20ஆம் நாள் நெருங்கும்போது வயிற்றின்மீது தானாகக் கை போகிறது. நாங்கள் குழந்தைக்கு முயல்வதால் மாத்திரை போட முடியாது. திரும்ப வருமா டாக்டர்?

மதுரை மகப்பேறு (திங்கள், இரவு 9.50)

வரவே வராது என்று சொல்ல மாட்டேன். முட்டை வெளியேறும் ஒவ்வொரு மாதமும் கூடு உண்டாகத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அது கசியாமல் மறைந்துவிடும், ஒருமுறை வந்தவர்களில் பலருக்குத் திரும்ப வருவதே இல்லை. ஆட்டத்தை எப்போது தொடங்குவது என்பதற்கு எழுதிவைத்த கணக்கு கிடையாது, நான் வலி போய் ஹீமோகுளோபின் ஏறிய பிறகு ஆடச் சொல்வேன்.

இரண்டாம் முறை வந்தால் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பரிசோதனை செய்ய வேண்டும். இப்போதே கேட்கிறேன்: மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போவது, சும்மா இடித்தாலே நீலம் பூப்பது, இப்படி ஏதாவது உண்டா? கரு தங்கியது தெரிந்ததும் முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுங்கள், நடந்ததை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வாரங்களில் கருவைத் தாங்குவதே இந்தக் கூடுதான், அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

வெண்பா29 (திங்கள், இரவு 10.20)

பல் பிடுங்கியது இல்லை டாக்டர். ஆனால் நீலம் பூப்பது உண்டு, அம்மாவுக்கும் அப்படித்தான். அது சாதாரணம் என்றே நினைத்திருந்தோம். எந்தப் பரிசோதனை என்று சொல்லுங்கள், இந்த வாரமே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.